உள்ளே வைக்கும் மாத்திரையா, விழுங்கும் மாத்திரையா, முதலில் பரிசோதனையா?

தொண்டைத் தொற்றுக்கு ஆன்டிபயாடிக் எடுத்த ஒரு பெண்ணுக்கு ஐந்தாம் நாள் பிறப்புறுப்பில் அரிப்பு தொடங்கியது. தயிர் திரிந்த மாதிரி வெள்ளைப்படுதல், வாடை இல்லை, சிறுநீர் பட்டால் எரிச்சல். ஆன்டிபயாடிக் அங்கே காவல் இருக்கும் லாக்டோபேசிலஸ் கிருமிகளையும் குறைத்துவிடும். அந்த இடைவெளியில் கேண்டிடா பூஞ்சை பெருகும்.

இதற்கு முன் மருத்துவர் உறுதிசெய்த பூஞ்சைத் தொற்று வந்து, இப்போதும் அதே அறிகுறிகள் என்றால் நேரடியாகச் சிகிச்சை எடுப்பதில் தப்பில்லை. க்ளோட்ரிமசோல் 500 மி.கி. மாத்திரையை இரவில் ஒருமுறை பிறப்புறுப்புக்குள் வைப்பது ஒரு வழி. ஃப்ளூகோனசோல் 150 மி.கி. ஒன்றை விழுங்குவது இன்னொன்று. குணமாக்குவதில் இரண்டும் ஏறக்குறைய சமம். விழுங்குவது எளிது, மாதவிடாய் நாளிலும் எடுக்கலாம். ஆனால் இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் போன்ற சில மருந்துகளோடு மோதும். கர்ப்பிணிகளுக்கு விழுங்கும் மாத்திரை வேண்டாம்; அவர்களுக்கு உள்ளே வைக்கும் மருந்தையே, மருத்துவர் சொல்லி, ஏழு நாள் தருவார்கள். உள்ளே வைப்பது முதலில் கொஞ்சம் எரியலாம், லேடெக்ஸ் ஆணுறையையும் பலவீனமாக்கும். வேறு மருந்து எதுவும் எடுக்காதவர், கர்ப்பமில்லை என்றால், எது வசதியோ அதை எடுக்கலாம். எதுவானாலும் அரிப்பு அடங்க இரண்டு மூன்று நாள் ஆகும். மறுநாளே இன்னொரு மாத்திரை போடாதீர்கள்.

அந்தப் பெண் செய்த தவறு வேறு. வீட்டில் மிச்சமிருந்த, ஸ்டீராய்டு கலந்த தோல் களிம்பைத் தடவினார். இரண்டு நாள் அரிப்பு அடங்கியது, பிறகு இரட்டிப்பாகத் திரும்பியது. ஸ்டீராய்டு அரிப்பை அமுக்கும், பூஞ்சைக்கு இடம் கொடுக்கும். வாசனை சோப்பு, உள்ளே பீய்ச்சிக் கழுவுவது, பூண்டு வைப்பது, இவையும் புண்ணைத்தான் கூட்டும். ஆன்டிபயாடிக்கைத் தானாக நிறுத்துவதும் வேண்டாம். எழுதிக் கொடுத்தவரிடம் கேளுங்கள்.

அவருக்கு இது முதல் முறை. அதனால் பரிசோதனைதான் சரியான வழி. பஞ்சுக்குச்சியில் எடுத்த மாதிரியை நுண்ணோக்கியில் பார்த்தார்கள். பூஞ்சை இழைகள் தெரிந்தன. அமிலத்தன்மையைக் காட்டும் pH அளவு 4. அது 4.5-ஐத் தாண்டி, மீன்வாடையோ மஞ்சள் பச்சை நிறமோ இருந்தால் வேறு தொற்றைத் தேட வேண்டும். பூஞ்சை மருந்து அதற்கு வேலை செய்யாது. அடிவயிற்று வலி, காய்ச்சல், புண், கர்ப்பம் இருந்தாலும் மருத்துவரிடம்தான் முதலில். மாதிரி எடுக்கும் முன் உள்ளே எதையும் வைக்காதீர்கள், முடிவு குழம்பும்.

க்ளோட்ரிமசோல் வைத்த நான்காம் நாள் அவருக்கு அரிப்பு போய்விட்டது. ஒரு வாரத்தில் போகாவிட்டாலோ, ஆண்டுக்கு மூன்று முறை வந்தாலோ அதே மாத்திரையை மறுபடி எடுக்காமல், கிருமியை வளர்த்து வகை பார்க்கும் கல்ச்சர் செய்யச் சொல்லுங்கள். ஃப்ளூகோனசோலுக்குச் சரியாக மடங்காத, கேண்டிடாவின் கிளப்ரேட்டா வகையாக இருக்கலாம். கூடவே சர்க்கரையும் பார்த்துவிடுங்கள்.