இருபது பேர், இருபது கிலோ ஐஸ்: வீட்டு ஐஸா, வாங்கிய ஐஸா?

போன மே மாதம் எங்கள் ஃபிளாட்டின் மொட்டைமாடியில் இருபது பேருக்கு ஒரு காக்டெய்ல் பார்ட்டி. அதற்கு முந்தைய வருஷமும் இதே கூட்டம், இதே மாடி. முதல் தடவை ஐஸ் முழுக்க வீட்டு ஃப்ரிட்ஜிலேயே போட்டேன். இரண்டாவது தடவை பையில் வாங்கினேன். இனிமேல் வாங்குவதுதான் என்று முடிவு செய்துவிட்டேன், அதனால் இதை நடுநிலையான ஒப்பீடு என்று யாரும் நினைக்க வேண்டாம்.

முதலில் கணக்கு. இருபது பேரில் குடிப்பவர்கள் பதினாறு. நாலு மணி நேரக் கூட்டத்தில் முதல் மணிக்கு இரண்டு, பிறகு மணிக்கு ஒன்று என்று வைத்தால் ஆளுக்கு ஐந்து, ஆக எண்பது. குடிக்காத நாலு பேருக்கு லெமன் சோடா, வர்ஜின் மொஹிட்டோ என்று ஒரு இருபது. மொத்தம் நூறு கிளாஸ். ஒரு உயர கிளாஸுக்கு ஆறு ஐஸ் கட்டி, சுமார் 120 கிராம். அதுவே 12 கிலோ ஆகிறது. விஸ்கி சவர், மார்கரிட்டா மாதிரி ஷேக்கரில் குலுக்கும் டிரிங்க்ஸ் இருபது என்றால், குலுக்க மட்டும் இன்னொரு 3 கிலோ. சென்னை மே மாதத்தில் தானாக உருகி ஓடுவதற்கும், பாதியில் "இன்னும் ரெண்டு கட்டி போடு" என்று கிளாஸை நீட்டுபவர்களுக்கும் மூன்றில் ஒரு பங்கு சேர்த்தால் 20 கிலோ. தலைக்கு ஒரு கிலோ என்று ஞாபகம் வைத்துக்கொள்வது சுலபம்.

இப்போது வீட்டு ஃப்ரிட்ஜைப் பாருங்கள். ஒரு ட்ரேயில் பதினாலு கட்டி, 280 கிராம். நாலு ட்ரே வாங்கி, ஒரு நாளைக்கு இரண்டு தடவை நிரப்பினால் 2.2 கிலோ. இருபது கிலோவுக்கு ஒன்பது நாள். அதைச் சேர்த்து வைக்க ஃப்ரீசரில் முப்பத்தைந்து லிட்டருக்கு மேல் இடம் வேண்டும், அதாவது மீன், கறி, ஐஸ்கிரீம் எல்லாவற்றையும் வெளியே எடுக்க வேண்டும். நாங்கள் எடுக்கவில்லை. எட்டு கிலோதான் சேர்ந்தது, அதிலும் நெத்திலி வாசனை. ஐஸ் பக்கத்தில் இருக்கும் வாசனையை இழுத்துக்கொள்ளும் என்பது முதல் ஜின் அண்ட் டானிக்கிலேயே தெரிந்துவிட்டது. எட்டரை மணிக்கு மச்சான் காலி பக்கெட்டைக் கவிழ்த்துக் காட்டி, "மாப்ளே, இதுக்கு மேல பேசாம மோர் ஊத்திடு" என்றான்.

வீட்டு ஐஸுக்கு ஒரே ஒரு நிஜமான பெருமை உண்டு. ஃப்ரீசரிலிருந்து நேராக வருவதால் அது காய்ந்து, கெட்டியாக இருக்கும். பையில் வரும் ஐஸ் வழியிலேயே வியர்க்கத் தொடங்கிவிடும். மேலே ஈரம், அதுவும் நடுவில் ஓட்டை போட்ட குழாய் வடிவம் என்பதால் சீக்கிரம் கரையும். ஓல்டு ஃபேஷண்டு மாதிரி குட்டை கிளாஸில் மெதுவாகக் குடிக்கிற சரக்குக்கு வீட்டு ஐஸ்தான் சரி. அதற்கென்று இரண்டு ட்ரே தனியாக, மூடிய டப்பாவில் போட்டு வைக்கிறேன். மற்றதெல்லாம் பை ஐஸ், ஐந்து கிலோ பைகளாக நாலு. வாங்கும்போது குடிதண்ணீரில் போட்டதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மீன் கடைக்குப் போகிற பார் ஐஸ் மலிவு, ஆனால் பாட்டிலைக் குளிர வைக்க மட்டும்தான்.

ஆனால் ஐஸ் பற்றாமல் போவதற்குப் பெரிய காரணம் ஐஸ் அல்ல, சூடான சோடா. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு பார்ட்டி வீணாகப் போனது.

ஒரு கிராம் ஐஸ் உருகினால் 80 கலோரி வெப்பத்தை இழுக்கும். ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி இறக்க ஒரு கலோரி. அறையில் வைத்த சோடா மே மாதத்தில் 32 டிகிரி இருக்கும். அதில் 150 மில்லியை 5 டிகிரிக்கு இறக்க 27 டிகிரி, ஆக 4050 கலோரி. அதற்கு 50 கிராம் ஐஸ் உருக வேண்டும். அதாவது நீங்கள் போட்ட ஆறு கட்டியில் இரண்டரை, முதல் வாய் குடிப்பதற்குள் தண்ணீராகிவிடும். ஐம்பது மில்லி பச்சைத் தண்ணீர் கலந்த டிரிங்க்கை யாரும் ரசிக்க மாட்டார்கள். மறுபடி ஐஸ் கேட்பார்கள், அதுவும் உருகும். எண்பது கிளாஸுக்கு இப்படி நாலு கிலோ போகும். அதே சோடா முதல் நாள் இரவே ஃப்ரிட்ஜில் ஏறியிருந்தால் இந்தச் செலவு கிட்டத்தட்ட இல்லை. அதனால்தான் சொல்கிறேன்: ஃப்ரிட்ஜின் இடத்தை ஐஸுக்குக் கொடுக்காதீர்கள், பாட்டிலுக்குக் கொடுங்கள். ஐஸைக் கடையில் வாங்கலாம். குளிர்ந்த சோடாவைப் பன்னிரண்டு லிட்டர் கணக்கில் எந்தக் கடையில் கேட்பது?

இடம் போதாத பாட்டில்களுக்கு ஒரு அகலமான டப், அதில் பார் ஐஸை உடைத்துப் போட்டு, தண்ணீர் ஊற்றுங்கள். வெறும் ஐஸ் பாட்டிலை அங்கங்கேதான் தொடும், ஐஸ் தண்ணீர் சுற்றிலும் தொடும். அரை மணியில் வித்தியாசம் தெரியும். குடிக்கிற ஐஸ் இதற்கு நேர்மாறு: மூடியுள்ள தெர்மாகோல் பெட்டியில், அடியில் ஓட்டை போட்டு, தண்ணீர் வடிய வேண்டும். இரண்டையும் கலக்கவே கூடாது.

டிரிங்க்கில் கலக்கிற மிக்ஸர் (தட்டில் வைக்கிற காராபூந்தி மிக்ஸரைச் சொல்லவில்லை, அது தனியாக ரெண்டு கிலோ) எண்பது டிரிங்க்குக்கு 150 மில்லி வீதம் 12 லிட்டர். இரண்டு லிட்டர் பாட்டிலா, 300 மில்லி கேனா? பெரிய பாட்டில் மலிவு. ஆனால் திறந்து மேஜையில் நின்றால் சூடாகும், சூடானால் கேஸ் போகும், கடைசி அரை லிட்டர் சர்க்கரைத் தண்ணீர். ஒரு கேன் சரியாக இரண்டு டிரிங்க். டானிக்கும் சோடாவும் கேனில், கேஸ் இல்லாத ஆரஞ்சு ஜூஸ் பெரிய பாக்கெட்டில். இதில் எனக்குக் குழப்பமே இல்லை.

கிளாஸ் விஷயத்தில் அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன், வாடகைக்கு ஒரே ஒரு தடவைதான் எடுத்திருக்கிறேன். பிளாஸ்டிக் கப்பும், பிளாஸ்டிக் பூச்சுள்ள பேப்பர் கப்பும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரியிலிருந்து தடை, அது கணக்கிலேயே இல்லை. இருப்பது இரண்டு வழி: ஆளுக்கு ஒன்று சொந்தமாக வைத்துக் கழுவிக் கழுவிக் கொடுப்பது, அல்லது ஆளுக்கு இரண்டு வீதம் நாற்பது வாடகைக்கு எடுப்பது. முதல் வழியில் நான் இரவெல்லாம் சிங்க்கில் நின்றேன். யாருமே தன் கிளாஸை வைத்த இடத்தில் திரும்ப எடுப்பதில்லை. வாடகை எடுத்தபோது நாற்பதில் முப்பத்தாறு அழுக்கானது, மூன்று உடைந்தது, முன்பணத்தில் கழித்துக்கொண்டார்கள். எடுத்தால் 350 மில்லிக்குக் குறையாமல் கேளுங்கள். ஆறு கட்டி, 45 மில்லி சரக்கு, 150 சோடா சேர்ந்தால் 325 வரும். எனக்கு முதலில் காட்டியது 250 மில்லி ஜூஸ் டம்ளர், அதில் ஐஸைப் பாதிக்கும் கீழே குறைக்க வேண்டியிருக்கும்.

உடைந்த மூன்றில் ஒன்று ஐஸ் பெட்டிக்குள் உடைந்தது. கரண்டியைத் தேடச் சோம்பல்பட்ட ஒரு நண்பர் கிளாஸையே ஐஸுக்குள் விட்டு அள்ளினார், விளிம்பு சில்லாகப் போனது. ஐஸுக்குள் கண்ணாடிச் சில்லைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. மேலாக எடுத்துவிட்டால் போதும் என்றார் அவர். பெட்டியில் மிச்சமிருந்த ஏழு கிலோவையும் பாத்ரூமில் கொட்டிவிட்டு, அடுத்த பையைப் பிரித்தேன். இப்போது பெட்டி மூடியிலேயே ஒரு ஸ்டீல் கரண்டியைக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருக்கிறேன்.