தூக்கம் வர்ற அலர்ஜி மாத்திரை, தூக்கம் வராத அலர்ஜி மாத்திரை: செட்டிரிசின் எந்தப் பக்கம்?

அலர்ஜி மாத்திரைய பொதுவா ரெண்டா பிரிச்சுதான் பேசுவாங்க. குளோர்ஃபெனிரமைன், டைஃபென்ஹைட்ரமைன், ஹைட்ராக்ஸிசின், ப்ரோமெதசின் இதெல்லாம் பழசு, போட்டா தூக்கம் வரும். செட்டிரிசின், லெவோசெட்டிரிசின், லோரடடின், ஃபெக்ஸோஃபெனடின் இதெல்லாம் புதுசு, தூக்கம் வராது. ஆனா செட்டிரிசின் போட்டுட்டு மதியம் கண்ணு சொக்குதுன்னு சொல்றவங்களும் நிறைய பேர் இருக்காங்க. அவங்க பொய் சொல்லல, அதெல்லாம் மனப்பிரமைன்னு ஒதுக்குறதும் சரியில்ல. உண்மையில இது ரெண்டு கட்சி இல்ல, ஒரே வரிசை, அந்த வரிசையில செட்டிரிசின் நடுவுல நிக்குது.

முதல்ல தூக்கம் ஏன் வருதுன்னு பாப்போம். ஹிஸ்டமின்னா மூக்கு ஒழுகுறது, தோல் தடிக்கிறது மட்டும்தான்னு நெனைக்கிறோம். மூளைக்குள்ளயும் ஹிஸ்டமினுக்கு ஒரு வேலை இருக்கு, ஹைப்போதலாமஸ்ல இருக்குற ஒரு சின்ன நரம்புக் கூட்டம் ஹிஸ்டமின விட்டுத்தான் நம்மள முழிப்பா வச்சிருக்கு. அங்கயும் மூக்குலயும் தோல்லயும் ஹிஸ்டமின் போய் ஒட்டி வேலை செய்ற இடம் அதே எச்1 ரிசெப்டர்தான். அதனால மூக்குல ரிசெப்டர அடைக்கிற மருந்து மூளைக்குள்ள போயிட்டா அங்கயும் அடைக்கும், முழிப்பு கொறையும். அப்போ கேள்வி ஒண்ணே ஒண்ணுதான், மருந்து மூளைக்குள்ள எவ்ளோ போகுது.

பழைய மருந்துங்க கொழுப்புல நல்லா கரையும், அளவுலயும் சின்னது, மூளைக்கும் ரத்தத்துக்கும் நடுவுல இருக்குற தடுப்ப சுலபமா தாண்டிடும். புது மருந்துங்கள்ல பலதுக்கு ரெண்டு தடை இருக்கு. ஒண்ணு, செட்டிரிசினும் ஃபெக்ஸோஃபெனடினும் மாதிரி மருந்துங்க மின்னேற்றத்தோட இருக்கும், கொழுப்புப் படலத்துக்குள்ள லேசுல நுழையாது. ரெண்டாவது, தடுப்புச் சுவர்ல பி-கிளைகோபுரோட்டீன்னு ஒரு பம்ப் இருக்கு, கல்யாண மண்டப வாசல்ல நின்னு அழைப்பில்லாதவங்கள திருப்பி அனுப்புற ஆள் மாதிரி, உள்ள வந்தத புடிச்சு ரத்தத்துக்கே திருப்பித் தள்ளிடும். ஃபெக்ஸோஃபெனடின இந்த பம்ப் நல்லா புடிக்கும். செட்டிரிசினயும் புடிக்கும், ஆனா கொஞ்சம் நழுவி உள்ள போயிடும்.

எவ்ளோ நழுவுதுன்னு அளந்தே பாத்திருக்காங்க. பெட் ஸ்கேன்ல மூளையோட எச்1 ரிசெப்டர்ல எத்தன சதவீதத்த மருந்து புடிச்சிருக்குன்னு பாக்க முடியும். குளோர்ஃபெனிரமைன் வகை மருந்து சாதாரண டோஸ்லயே ஏறத்தாழ பாதி ரிசெப்டர புடிச்சிடுது. செட்டிரிசின் 10 மில்லிகிராம் சுமார் 13%, அதையே 20 ஆக்கினா சுமார் 25%. ஃபெக்ஸோஃபெனடின் 120 மில்லிகிராம் குடுத்தும் கிட்டத்தட்ட பூஜ்யம். இந்த ஆராய்ச்சியில 50 சதவீதத்துக்கு மேல போனா தூக்கம் தர்ற மருந்து, 20க்கு கீழ இருந்தா தராத மருந்துன்னு ஒரு கோடு போட்டு வச்சிருக்காங்க. செட்டிரிசின் ஒரு மாத்திரையில அந்த 20க்கு கீழ நிக்குது, ரெண்டு மாத்திரையில தாண்டிடுது. இதெல்லாம் சராசரி கணக்கு வேற, சராசரி 13னா யாரோ ஒருத்தருக்கு அதுக்கு மேலயும் இருக்கும்ல, அவர்தான் மதியம் சொக்குறவர்.

செட்டிரிசினோட பிறப்பும் இங்க முக்கியம். ஹைட்ராக்ஸிசின்னு நல்லா தூங்க வைக்கிற பழைய மருந்து இருக்கு, அது உடம்புக்குள்ள போனதும் ஈரல்ல மாறி உண்டாகுற பொருள்தான் செட்டிரிசின். மாறும்போது சேர்ற அமிலப் பகுதிதான் மூளைக்குள்ள போறத கொறைக்குது. கொறைக்குது, நிறுத்தல. செட்டிரிசின்ல கண்ணாடி பிம்பம் மாதிரி ரெண்டு உருவம் பாதிப் பாதியா இருக்கு, அதுல ஒண்ணுதான் லெவோசெட்டிரிசின், அது 5 மில்லிகிராம் செட்டிரிசின் 10க்கு சமம், அதனால 'இது அதைவிட புதுசு, தூக்கம் வராது'ன்னு நெனச்சு மாத்தினா பெரிய வித்தியாசம் இருக்காது. தூக்கம் வராத மருந்துக்குத்தான் மாறணும்னா இந்தக் குடும்பத்த விட்டு வெளிய போகணும்.

மருந்தோட லேபிள்ல இருக்குற கணக்கையும் கொஞ்சம் நிதானமா படிங்க. பெரியவங்களுக்கு செட்டிரிசின் 10 மில்லிகிராம் குடுத்த ஆய்வுகள்ல 14% பேர் தூக்கம் வந்துச்சுன்னு சொன்னாங்க, ஆனா மருந்தே இல்லாத போலி மாத்திரை சாப்பிட்டவங்கள்லயும் 6% பேர் அதையே சொன்னாங்க. அப்போ மருந்தால கூடுறது நூத்துக்கு எட்டு பேர் அளவு. லோரடடினுக்கு அதே மாதிரி ஆய்வுல 8%, போலிக்கு 6%. அந்த ஆறு பேருக்கு என்னன்னு யோசிச்சா, மூக்கடைப்பால ராத்திரி சரியா தூங்காம பகல்ல சோர்ந்து கெடக்குறவங்க அதுல இருப்பாங்க, அலர்ஜியே தூக்கத்த கெடுக்கும், பழிய மட்டும் மாத்திரை ஏத்துக்கும்.

எங்க பெரியப்பா கதைய சொன்னா இது இன்னும் நல்லா புரியும். வயசு 68, தோல்ல அரிப்பு தடிப்பு, டாக்டர் செட்டிரிசின் 10 எழுதிக் குடுத்தார். ஒரு வாரம் கழிச்சு போன் பண்ணி, "தூக்கம் வராத மாத்திரைன்னுதானடா குடுத்தாங்க, நான் காலைல பேப்பர் படிக்கும்போதே சாஞ்சுடுறேன்"னார். நான் முதல்ல, "பெரியப்பா, வேற என்னென்ன மாத்திரை போடுறீங்க, எல்லா அட்டையையும் எடுத்து பின்பக்கம் படிங்க"ன்னேன். அப்போதான் தெரிஞ்சது, சளிக்குன்னு தானா ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுட்டு இருந்திருக்கார், அதுல பாரசிட்டமால் கூடவே குளோர்ஃபெனிரமைன் 2 மில்லிகிராம் இருக்கு. அதாவது புதுசும் பழசும் ஒண்ணா உள்ள போயிருக்கு, பேர் வேறங்கறதால அவருக்கு சந்தேகமே வரல. குளோர்ஃபெனிரமைன் உடம்புல பாதியா கொறையவே ஏறத்தாழ 20 மணி நேரம் ஆகும், ராத்திரி போட்டா காலைலயும் அதோட வேலை நடந்துட்டுத்தான் இருக்கும், 'ராத்திரிதானே போட்டேன்'ங்கறது இங்க உதவாது.

அத நிறுத்தின பிறகு பாதி சரியாச்சு, ஆனா முழுசா இல்ல. அடுத்து ரத்தப் பரிசோதனை பாத்தா கிட்னியோட வடிகட்டுற வேகம் 42, இருக்க வேண்டியதவிட கம்மி, செட்டிரிசினுக்கு அது பெரிய விஷயம். ஏன்னா செட்டிரிசின்ல பெரும்பகுதி மாறாம சிறுநீர்ல போற மருந்து, சாதாரணமா 8 மணி நேரத்துல பாதியாகிற மருந்து, கிட்னி மெதுவா இருந்தா ரொம்ப நேரம் தங்கும், தினமும் போட போட முந்தின நாளோட மிச்சம் மேல இன்னைக்கு டோஸ் சேரும். ரத்தத்துல அளவு கூடினா மூளைக்குள்ள நழுவுறதும் கூடும். நான் மேல சொன்ன 20 மில்லிகிராம் நெலம, 10 மில்லிகிராம் மாத்திரையிலயே வந்துடலாம். டாக்டர் 5 மில்லிகிராமா கொறச்சு ராத்திரிக்கு மாத்தினார், காலை சாயுறது நின்னுடுச்சு. அரிப்பும் கட்டுக்குள்ளதான் இருக்கு.

அப்போ நேரா ஃபெக்ஸோஃபெனடினே போட்டா என்னன்னு கேக்கலாம். நியாயமான கேள்வி, வண்டி ஓட்டுறவங்க, மெஷின்ல வேலை பாக்குறவங்களுக்கு நான் அதைத்தான் முதல்ல டாக்டர்கிட்ட கேட்டுப் பாருங்கன்னு சொல்வேன். ஆனா அதுக்கும் பிரச்சனை இருக்கு. பழச்சாறோட போட்டா, ஆரஞ்சு, ஆப்பிள், கிரேப்ஃப்ரூட் எதுவா இருந்தாலும், குடல்ல மருந்த உள்ள எடுத்துக்குற வழிய சாறு அடைக்கும், மருந்து ரொம்ப கம்மியா சேரும். அலுமினியம், மெக்னீசியம் இருக்குற, வயித்து அமிலத்த கொறைக்கிற மருந்தும் கெடுக்கும். இது ரெண்டும் தெரியாம 'ஃபெக்ஸோ எனக்கு வேலை செய்யல'ன்னு செட்டிரிசினுக்கே திரும்புறவங்க இருக்காங்க. தண்ணியோட மட்டும் போட்டு சில நாள் பாத்துட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க. கிட்னி மெதுவா இருந்தா இதோட டோஸும் கொறைக்கணும், அது டாக்டர் வேலை. தோல் தடிப்புக்கு செட்டிரிசின் நல்லா கேக்குதுன்னா அதையே ராத்திரியில போடறதுலயும் தப்பில்ல, ஒருத்தருக்கு தூக்கம் வரலன்னா அத மாத்த அவசியமும் இல்ல. விடாப்பிடியா வர்ற தடிப்புக்கு டாக்டருங்க புது மருந்துகளோட டோஸ கூட்டுவாங்க, அப்போ செட்டிரிசின்ல தூக்கம் எட்டிப் பாக்க வாய்ப்பு அதிகம்ங்கறத நெனவுல வச்சு முன்னாடியே சொல்லிடுங்க.

பழைய மருந்துக்கு இன்னும் இடம் இருக்கா? பயண வாந்திக்கு ப்ரோமெதசின் மாதிரியானது வேலை செய்யும், அதுக்கு மூளைக்குள்ள போறதுதான் தேவையே. சாதாரண அலர்ஜிக்கு எனக்கு அதுல உடன்பாடே இல்ல, அதுவும் வயசானவங்களுக்கு. வாய் வறண்டு போகும், சிறுநீர் இறங்காம நிக்கும், குழப்பம் வரும், இதெல்லாம் அந்த மருந்து எச்1 தவிர வேற ரிசெப்டரயும் அடைக்கிறதால வர்றது.

'சில நாள்ல தூக்கம் பழகிடும்'ன்னு ஒரு வாதமும் கேக்கிறோம். சொக்குற உணர்வு சில நாள்ல கொறையும், அது உண்மைதான். ஆனா உணர்வ நம்பி வண்டிய எடுக்கக் கூடாது. 2000-ல வெளியான ஒரு அமெரிக்க ஆய்வுல டைஃபென்ஹைட்ரமைன் 50 மில்லிகிராம், ஃபெக்ஸோஃபெனடின் 60 மில்லிகிராம், மது, போலி மாத்திரை, இத நாலையும் தனித்தனியா குடுத்து கார் சிமுலேட்டர்ல ஓட்ட விட்டாங்க. டைஃபென்ஹைட்ரமைன் போட்டப்போ ஓட்டுறது மதுவ விட மோசமா இருந்துச்சு, ஃபெக்ஸோஃபெனடின் போட்டப்போ போலி மாத்திரைக்கு சமமா இருந்துச்சு. அதுல கவனிக்க வேண்டியது, எவ்ளோ தூக்கமா இருக்குன்னு ஓட்டுறவங்க சொன்னத வச்சு, எவ்ளோ மோசமா ஓட்டுவாங்கன்னு சொல்ல முடியல. அதனால புதுசா ஒரு மாத்திரை, செட்டிரிசினோ வேற எதுவோ, ஆரம்பிக்கும்போது முதல் ரெண்டு மூணு டோஸ வண்டி ஓட்டாத நாள்ல, மது சேராம போட்டுப் பாருங்க, கூட இருக்குறவங்ககிட்டயும் நான் மந்தமா இருக்கேனான்னு கேளுங்க, உங்களுக்குத் தெரியாதது அவங்களுக்குத் தெரியும்.