குரூப் அறிவிப்பா, தனிச் செய்தியா, போன் காலா? தன்னார்வலர் ஷிப்டை உறுதி செய்யும் மூன்று வழிகள்

ஞாயிறு காலை 9 மணிக்கு நிகழ்ச்சி, 40 தன்னார்வலர்கள் என்று வைத்துக்கொள்வோம். பார்க்கிங் அணி 6.45-க்கும் பதிவு மேசை அணி 7.30-க்கும் வர வேண்டும். பட்டியல் தயார். யார் உண்மையில் வருவார்கள் என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

பலரும் முதலில் செய்வது வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு அறிவிப்பு போடுவது. இரண்டு நிமிட வேலை. வரிசையாகக் கட்டைவிரல்கள் வந்து விழும், மனதுக்கு நிம்மதியாக இருக்கும். ஆனால் கட்டைவிரல் ‘பார்த்தேன்’ என்று மட்டுமே சொல்கிறது, 6.45-ஐக் கவனித்தாரா, தன் வேலை எது என்று தெரியுமா என்பதைச் சொல்வதில்லை. எல்லா அணிகளின் நேரமும் ஒரே அறிவிப்பில் இருந்தால், கடைசியாகக் கண்ணில் பட்ட நேரத்தைத் தன்னுடையது என்று எடுத்துக்கொள்பவர் கட்டாயம் இருப்பார். ஒருவர் பதில் போடாவிட்டாலும் அது அவரை உறுத்தாது, மற்ற 39 பேர் இருக்கிறார்களே என்று தோன்றும்.

தனிச் செய்தியில் அந்த மறைவிடம் இல்லை. வியாழன் மாலை ஒவ்வொருவருக்கும் இப்படி அனுப்பலாம்:

“வணக்கம். ஞாயிறு உங்கள் ஷிப்ட் 7 முதல் 10 வரை. வந்து சேர வேண்டிய நேரம் காலை 6.45, பின்வாசல். வேலை: பார்க்கிங்கில் வண்டிகளை வழிகாட்டுவது. தாமதமானால் அணித்தலைவரை அழையுங்கள்: (எண்). அவர் எடுக்காவிட்டால்: (எண்). வருவீர்கள் என்றால், வரும் நேரத்தை எழுதி வெள்ளி மாலை 6-க்குள் பதில் அனுப்புங்கள்.”

நேரத்தை அவர்களையே எழுதச் சொல்வதுதான் இதில் முக்கியம். “சரி” என்று வருவதில் தெரியாத தவறு, “7 மணிக்கு வந்துவிடுகிறேன்” என்று வரும்போது வெளியே வந்துவிடும். ஷிப்ட் தொடங்குவது 7, வந்து சேர வேண்டியது 6.45 என்று அப்போதே திருத்திவிடலாம். ‘பிராட்காஸ்ட்’ பட்டியலில் அனுப்புவதாக இருந்தால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும். வாட்ஸ்அப் இல்லாதவருக்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் சுருக்கமாக எழுதுங்கள். தமிழில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 70 குறிகள்தான், அதிலும் காலும் கொம்பும் தனித்தனியாக எண்ணப்படும்.

போன் காலின் பலம் வேறு. “பார்க்கலாம்”, “முயற்சி பண்றேன்” என்று இழுப்பது குரலில் உடனே தெரிந்துவிடும். என் கணக்கில் அது ‘வரமாட்டேன்’தான், அந்த இடத்துக்கு இன்னொருவரைத் தேட வேண்டும். ஆனால் ஆறேமுக்கால் என்று நீங்கள் சொன்னது ஏழேமுக்கால் என்று காதில் விழலாம், திரும்பிப் பார்க்க எழுத்தில் எதுவும் இருக்காது. போனை வைத்ததும் அதே விவரத்தைச் செய்தியாகவும் அனுப்பாவிட்டால் போன் கால் பாதி வேலைதான். 40 பேருக்கும், ஆளுக்கு மூன்று நிமிடம் என்றாலும், இரண்டு மணி நேரம் போய்விடும்.

அதனால் எல்லோருக்கும் தனிச் செய்தி, பதில் வராதவர்களுக்கு மட்டும் போன் என்பதே என் தேர்வு. நம் உதாரணத்தில் வெள்ளி மாலைக்குள் 29 பேர் பதில் அனுப்புகிறார்கள், அதில் இருவர் வர முடியாது என்கிறார்கள். மீதி 11 பேரை அழைக்க அரை மணி நேரம் போதும். 7 பேர் உறுதி சொல்கிறார்கள், இருவர் மறுக்கிறார்கள், இருவர் எடுக்கவில்லை. ஆக நிரப்ப வேண்டிய இடங்கள் ஆறு, கையில் முழுதாகச் சனிக்கிழமை இருக்கிறது. குரூப் அறிவிப்பை மட்டும் நம்பியிருந்தால் இந்த ஆறு இடங்களும் ஞாயிறு காலைதான் தெரியவந்திருக்கும்.

தாமதத் தகவலிலும் இதே வேறுபாடு உண்டு. குரூப்பில் “15 நிமிடம் லேட்” என்று போட்டால், அதற்குள் வந்து குவியும் காலை வணக்கங்களுக்கு அடியில் அது போய்விடும். ஓடியாடிக்கொண்டிருக்கும் அணித்தலைவர் அதைப் பார்க்கவே மாட்டார். தனிச் செய்தியில் வேறொரு சிக்கல்: எண் எதுவும் கொடுக்காவிட்டால் செய்தி அனுப்பியவரையே எல்லோரும் அழைப்பார்கள். அந்த நேரத்தில் அவர் மேடைக்குப் பின்னால் ஒலிபெருக்கிச் சத்தத்தில் நின்றுகொண்டிருப்பார். எனவே அணிக்கு ஒரு எண், அதற்கு மாற்றாக இன்னொரு எண். செய்தி வேண்டாம், அழைக்கவே வேண்டும் என்றும், கிளம்பும்போதே தாமதம் தெரிந்தால் அப்போதே சொல்ல வேண்டும் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், சனி இரவே அணித்தலைவர்கள் தங்கள் அணியினரின் எண்களைப் பெயருடன் சேமித்துவிட வேண்டும். காலைப் பரபரப்பில் பெயர் தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பைப் பலர் எடுப்பதில்லை.