ஜூன் 1ல் பிறக்காத இருவர்: மறுமணத் தளத்தில் என் இரண்டு ஆண்டுகள்

போன வாரம் கூட வேலை பார்த்த தோழி ஒருத்தி கேட்டாள், "அக்கா, நீங்க இருந்த அந்த மறுமணத் தளத்தில நானும் பணம் கட்டவா?" அவளுக்குப் போனில் சொல்லத் தொடங்கி அரை மணி நேரம் ஆகியும் முடியவில்லை. அதனால் எழுதியே வைக்கிறேன். தளத்தின் பெயர் வேண்டாம். தமிழ்நாட்டில் வரன் பார்க்கிறவர்களுக்கு அது எப்படி வேலை செய்யும் என்று தெரியும்: இலவசமாகப் பதியலாம், விருப்பம் அனுப்பலாம், எதிராளியின் போன் எண் வேண்டுமென்றால் கட்டணம். அதை விளக்கப் போவதில்லை.

எனக்கு 53 வயது. கணவர் தவறி ஒன்பது வருஷமாகிறது. சென்னையில் இருக்கும் மகள்தான் பதிந்து கொடுத்தாள். தளம் சுலபமாகத்தான் இருந்தது. எழுத்து பெரிதாகத் தெரியும், தொந்தரவு செய்கிறவர்களைத் தடுத்தால் உண்மையிலேயே தடுக்கப்பட்டார்கள். இதெல்லாம் நன்றாக இருந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இனிச் சொல்லப் போவது பிறந்த தேதி என்ற ஒரே ஒரு கட்டத்தைப் பற்றி, அதில் எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை.

என் ஆதாரில் 01-06-1972 என்று இருக்கிறது. அது நான் பிறந்த நாள் இல்லை. பள்ளியில் சேர்த்த அன்று தலைமையாசிரியர் எழுதிய நாள். அது பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்குப் போனது, அங்கிருந்து வேலைப் பதிவேட்டுக்கு, கடைசியில் ஆதாருக்கு. என் ஜாதகம் பரிதாபி வருஷம் ஆவணி மாதம் என்கிறது, அதாவது 1972 ஆகஸ்டின் கடைசி. எங்கள் வயதில் கிராமத்துப் பள்ளியில் படித்தவர்களில் பாதிப் பேருக்கு இப்படி இரண்டு பிறந்த நாள் இருக்கும். சான்றிதழ் தேதிக்கு ஓய்வு பெறுவோம், ஜாதகத் தேதிக்குக் கோயிலில் அர்ச்சனை செய்வோம். இரண்டையும் நாங்கள் குழப்பிக்கொண்டதே இல்லை.

தளம் குழப்பிக்கொண்டது. ஆதாரைக் காட்டிச் சரிபார்த்தால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு நீலக்குறி வரும். அது வந்ததும் தேதிக் கட்டம் பூட்டிக்கொள்ளும். அந்தத் தேதியை வைத்துத்தான் தளம் நட்சத்திரம் கணக்கிட்டுப் பொருத்தமும் பார்க்கிறது. நேரம் தெரியாது என்று விட்டால் மதியம் 12 மணி என்று தானே எடுத்துக்கொள்ளும். பொருந்தாதவர்களைக் காட்டாமல் மறைக்கும் வடிகட்டி ஒன்றும் முதலிலிருந்தே போட்டபடி இருக்கும். ஆக ஒரு வருஷத்துக்கு மேல் எனக்கு யாரைக் காட்டுவது, யாரை மறைப்பது என்று முடிவு செய்தது அந்தத் தலைமையாசிரியரின் மைப்பேனா.

வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். "ஆதாரில் தேதியை மாற்றிவிட்டு வாருங்கள்" என்று பதில். ஆதாரை மாற்றச் சான்றிதழை மாற்ற வேண்டும், முப்பது வருஷ வேலைப் பதிவேடு முழுக்க அந்தத் தேதிதான். ஜாதகத் தேதிக்குத் தனியாக ஒரு கட்டம் வையுங்கள் என்று கேட்டேன். புகார் "தீர்க்கப்பட்டது" என்று மூடப்பட்டது. வெறுத்துப்போய், பதினான்காம் மாதம் அந்த வடிகட்டியை நானே தேடிப் பிடித்து எடுத்துவிட்டேன். அமைப்புகளுக்குள் மூன்று பக்கம் தள்ளி வைத்திருக்கிறார்கள்.

அதற்கு நாலாம் நாள் அவருடைய விருப்பம் வந்தது. திண்டுக்கல்லில் இருக்கிறார், மனைவியை இழந்தவர், பிறந்த ஊர் மதுரை மாவட்டம். பெயர் காட்டாது, முதல் எழுத்தும் ஒரு எண்ணும்தான். அதற்குக் கீழே சிவப்பில்: "நட்சத்திரம் ஒன்று. ரஜ்ஜு பொருத்தம் இல்லை. பரிந்துரைக்கப்படவில்லை." ரஜ்ஜு பார்க்கும்போது 27 நட்சத்திரங்களையும் பாதம், தொடை, உதரம், கண்டம், சிரசு என்று ஐந்தாகப் பிரிப்பார்கள். இருவரும் ஒரே பிரிவில் இருந்தால் ஆகாது என்பார்கள். ஒரே நட்சத்திரம் என்றால் ஒரே பிரிவுதானே. நான் ஜாதகப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அவருக்கும் 01-06-1972, நேரம் தெரியாது.

விருப்பத்தை ஏற்று, முதல் செய்தியாக இதைத்தான் கேட்டேன்: "நீங்களும் ஜூன் ஒண்ணாந்தேதியா?"

"அது நான் பிறந்த நாளே இல்லைங்க. எட்மாஸ்டர் போட்டது. நிசத்துல நான் மாசி மாசம்."

செய்தியில் போன் எண்ணை எழுதினால் தளம் அதை ***** என்று மாற்றிவிடும். இரண்டு பேருமே அப்போது கட்டணம் கட்டியிருக்கவில்லை. அதனால் பேச்சு முழுவதும் எழுத்திலேயே போனது. பேசியிருந்தால் பிள்ளைகள், வேலை, சர்க்கரை வியாதி என்று முடிந்திருக்கும். எழுதியதால் அந்தத் தேதியையே பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டோம்.

அவர் காது தொடுகிற சோதனையைச் சொன்னார். வலது கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடது காதைத் தொட வேண்டும், தொட்டால் ஐந்து வயது, சேர்த்துக்கொள்வார்கள். அது எல்லா ஊரிலும் இருந்தது. கரும்பலகைக்குக் கரி பூசக் கோவை இலை பறித்துக்கொண்டு போனோம் என்றார். அதுவும் எல்லா ஊரிலும்தான். அப்புறம் இரண்டாம் வகுப்பில் எழுத்து மாறியதைச் சொன்னார். 1978 அக்டோபரில் எம்.ஜி.ஆர். அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்டது. அதற்கு முன் "லை" என்றால் ல-வோடு சேர்த்து யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு சுழி போடுவோம். "எங்க டீச்சர் புதுசா எழுதச் சொல்லிட்டு, அவங்க மட்டும் பலகையில தும்பிக்கை போட்டே எழுதுவாங்க. ஒரு பையன் தப்புன்னு சொல்லி வெளியில நின்னான்."

எங்கள் வகுப்பிலும் ஒரு பையன் வெளியில் நின்றான். ஆனாலும் எனக்கு உறைக்கவில்லை. எத்தனையோ பள்ளிகளில் இப்படி நடந்திருக்கும் என்றுதான் நினைத்தேன். தளமும் எனக்கு உதவவில்லை. பிறந்த இடத்துக்கு மாவட்டம் மட்டும்தான் தேர்ந்தெடுக்கலாம். எங்கள் சிறு வயதில் போடியும் மதுரை மாவட்டம், கொடைக்கானலும் மதுரை மாவட்டம். திண்டுக்கல் பிரிந்ததே 1985ல்தான். படிப்புக்கு ஒரு கட்டம் உண்டு, அது பட்டத்தில்தான் தொடங்கும். பள்ளி என்று ஒன்று படித்ததையே அது கேட்பதில்லை.

ஐந்தாம் நாள் இரவு அவர் எழுதியதை அப்படியே தருகிறேன். "சேர்த்த அன்னிக்கு எனக்கு முன்னால ஒரு பொம்பளப் பிள்ளை நின்னுச்சு. கை காதுக்கு எட்டல. அழுதுக்கிட்டே தலையைச் சாய்ச்சு காதைக் கைக்குக் கொண்டு வந்துருச்சு. எட்மாஸ்டர் சிரிச்சிட்டு, எட்டிருச்சு எட்டிருச்சு, எழுதுங்கன்னாரு. அந்தப் பிள்ளைக்கு எழுதின தேதியையே எங்க எல்லாருக்கும் வரிசையா எழுதிட்டாரு."

இந்தக் கதையை என் அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். மூன்று மாதம் குறைகிற பிள்ளையை, வெற்றிலைக் கொடிக்காலுக்கு வேலைக்குப் போக வேண்டும் என்பதற்காகப் பள்ளியில் விடப் பார்த்தவர் அவர். தலையைச் சாய்த்தது நான்.

கை நடுங்கியது. "சோழவந்தான் பக்கமா?" என்று மட்டும் கேட்டேன்.

கொஞ்ச நேரம் பதில் இல்லை. அப்புறம்: "நீங்க கொடிக்கால்காரர் வீட்டுப் பிள்ளையா?"

"நீங்க போஸ்ட் மாஸ்டர் மகன். மூணாம் வகுப்பு முடிச்சிட்டு மாத்தலாகிப் போனீங்க."

"வெளியில நின்னது நான்தான்."

அந்த இரவே 4,500 ரூபாய் கட்டி எண்ணை வாங்கினேன். 46 வருஷம் கழித்து அவர் குரலில் எனக்குத் தெரிந்தது எதுவும் இல்லை. ஆனால் அவர் சொன்ன முதல் வார்த்தை என் வீட்டுப் பெயர். பதிவேட்டில் இல்லாத, ஆதாரில் இல்லாத, கல்யாணத்துக்குப் பிறகு யாருமே கூப்பிடாத பெயர். தளத்தில் என் பெயருக்கு முன்னால் கணவரின் எழுத்து இருந்தது, பள்ளியில் அப்பாவின் எழுத்து. பெயர் முழுதாகத் தெரிந்திருந்தாலும் அவர் என்னைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

தை மாதம் சோழவந்தானில் சந்தித்தோம், என் மகளும் வந்தாள். பள்ளியின் ஓட்டுக் கட்டடம் இல்லை, அந்த இடத்தில் இப்போது காங்கிரீட். இரண்டு பேரும் உண்மையான ஜாதகங்களைக் கொண்டுபோய்க் காட்டினோம். எனக்காக இல்லை, அவர் அக்காவுக்காக. நட்சத்திரம் வேறு, ரஜ்ஜு வேறு. ஜோசியர் தடையில்லை என்றார். ஆவணியில் பதிவுத் திருமணம் வைத்திருக்கிறோம். அவருடைய அக்கா இன்னும் முழு மனதாக இல்லை, என் தம்பியும் இல்லை. அது தனிக்கதை, தளத்தின் மேல் போடக் கூடாது.

சரி, தோழிக்கு வருகிறேன். ஒரு வருஷத் திட்டம் கட்டாதே. தானாகப் புதுப்பிக்கும் வசதியைக் கட்டிய அன்றே நிறுத்து, எனக்கு ஒரு முறை பிடித்துவிட்டார்கள். பொருத்த வடிகட்டியை முதல் நாளே எடு. உன் நிஜத் தேதியையும், ஊரையும், சின்ன வகுப்பில் படித்த இடத்தையும் "என்னைப் பற்றி" பகுதியில் உன் கையாலேயே எழுது, அதற்கு வேறு கட்டம் இல்லை. ஐந்துக்கு எத்தனை என்று கேட்டாய். இரண்டு. எனக்குக் கிடைத்ததை நினைத்தால் ஐந்து கொடுக்க வேண்டும், எனக்குத் தெரியும். ஆனால் அவரை ஒரு வருஷத்துக்கு மேல் மறைத்து வைத்ததும், காட்டிய பிறகு வேண்டாம் என்று சிவப்பில் எழுதியதும் இதே தளம்தான். அதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

கணக்கை இன்னும் மூடவில்லை. ஜூன் 1 அன்று இரண்டு பேருக்கும் ஒரே நிமிஷத்தில் பிறந்தநாள் வாழ்த்து வந்தது. அன்றே ஜாதகத் தேதிக்குத் தனிக் கட்டம் கேட்டு என் நாலாவது புகாரைப் போட்டேன். திண்டுக்கல்லிலிருந்து அவரும் ஒன்று போட்டிருக்கிறார்.