டிவி மூலைக்கு எந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்? மாமா வீட்டுக்கு மூன்றை வைத்துப் பார்த்தது

காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில் என் மாமா வீடு. சுற்றிலும் மாந்தோப்பு, தோப்புக்குத் தோப்பு போர் மோட்டார். போன சித்திரையில் ஒரு சாயங்காலம் காற்றும் இடியுமாக அடித்தது. திடீரென்று பல்பெல்லாம் பளீரென்று எரிந்ததாம், ஃபேன் வழக்கத்தைவிட வேகமாகச் சுற்றியதாம். அடுத்த சில நொடியில் டிவிக்குப் பின்னால் படார் என்று ஒரு சத்தம், கருகிய வாடை. டிவி போய்விட்டது.

மறுநாள் நான் போனபோது மாமா கேட்ட முதல் கேள்வி: "ஃபியூஸ் வெச்ச ஸ்பைக் கார்டுதானே மாப்ளே வாங்கினேன், அது ஏன் காப்பாத்தல?"

அதைத் திறந்து பார்த்தோம். ஃபியூஸ் உண்மையிலேயே போயிருந்தது. பக்கத்தில் பட்டன் மாதிரி இருந்த நீல வில்லை ஒன்று வெடித்துக் கருகியிருந்தது. இரண்டுமே தங்கள் வேலையைச் செய்துவிட்டுத்தான் செத்திருக்கின்றன. ஆனால் டிவியைக் காப்பது அன்றைக்கு அந்த இரண்டின் வேலையாகவும் இல்லை. இது புரியாமல் புதிது வாங்கப் போனால் அதே தப்பைத்தான் செய்வோம். அதனால் கிருஷ்ணகிரியில் கிடைத்த இரண்டையும், ஊர் எலக்ட்ரீஷியன் கட்டித் தருவதாகச் சொன்ன பாக்ஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

முதலாவது, எலக்ட்ரீஷியன் கட்டும் பிவிசி பாக்ஸ். நான்கு ஐந்து-பின் சாக்கெட், ஒவ்வொன்றுக்கும் சுவிட்ச், ஒயர் நம் விருப்பம். இரண்டாவது, 6 ஆம்பியர் ஸ்பைக் கார்டு, ஒன்றரை மீட்டர் ஒயர், கண்ணாடி ஃபியூஸ், நான்கு சாக்கெட்டுக்கும் தனித்தனி சுவிட்ச். மூன்றாவது, 10 ஆம்பியர் என்று அச்சிட்ட பெரியது, ஐந்து மீட்டர் ஒயர், ஒரே சுவிட்ச், ஃபியூஸுக்குப் பதில் அழுத்தினால் மீண்டும் வேலை செய்யும் ரீசெட் பட்டன். மாமாவுக்கு மூன்றாவதுதான் பிடித்திருந்தது. "பெருசா இருந்தா நல்லதுதானே" என்றார்.

டிவி மூலைக்கு எவ்வளவு கரண்ட் வேண்டும் என்று முதலில் கூட்டிப் பார்ப்போம். 43 இன்ச் எல்இடி டிவி சுமார் 100 வாட், செட்டாப் பாக்ஸ் 15, வைஃபை ரவுட்டர் 10, சவுண்ட்பார் 50 என்று வைத்தால் மொத்தம் 175 வாட். 230 வோல்ட்டால் வகுத்தால் முக்கால் ஆம்பியர் சொச்சம். 6 ஆம்பியர் பாக்ஸ் 1380 வாட் வரை தாங்கும். ஆக, டிவிக்காக 10 ஆம்பியர் வாங்குவதில் ஒரு பயனும் இல்லை. அந்த எண் வேறு எதற்கோ ஆசை காட்டுகிறது. மாமா வீட்டிலேயே மழை நாளில் இண்டக்‌ஷன் அடுப்பை ஹாலுக்குக் கொண்டுவந்து டிவி பார்த்தபடி காபி போடுவது உண்டு.

அந்த அடுப்பை வைத்தே ஃபியூஸைச் சோதித்துப் பார்க்கலாம். 2000 வாட் அடுப்பு இழுப்பது 8.7 ஆம்பியர். 6 ஆம்பியர் ஃபியூஸ் இருந்தால் உடனே போய்விடும் என்றுதானே நினைப்போம்? போகாது. இந்த வகைச் சின்னக் கண்ணாடி ஃபியூஸ், தன்மேல் எழுதிய அளவைப் போல ஒன்றரை மடங்கை, அதாவது 9 ஆம்பியரை, ஒரு மணி நேரமாவது தாங்க வேண்டும் என்பதுதான் அதன் தரக் கணக்கு. அதற்குள் காபி என்ன, சாம்பாரே கொதித்துவிடும். அதுவரை ஒயரும் சாக்கெட்டும் சூடாகிக்கொண்டே இருக்கும். ரீசெட் பட்டனும் இதே குணம்தான். உள்ளே இருப்பது சூட்டில் வளையும் இரட்டை உலோகத் தகடு, அளவுக்குக் கொஞ்சம் மேலே போனால் அது வளைய நிமிடக் கணக்கில் நேரம் எடுக்கும். ஷார்ட் ஆனால் ஃபியூஸ் சட்டென்று அறுக்கும், லோடு மிக அதிகமானாலும் அறுக்கும். இரண்டிலும் அது காப்பது ஒயரை. டிவிக்குள் வரும் வோல்ட்டேஜ் எவ்வளவு என்பது அதற்குத் தெரியாது.

இரண்டில் எது நல்லது என்றால், எனக்கு ரீசெட் பட்டன்தான். கண்ணாடி ஃபியூஸ் போனால் நம் ஆட்கள் அதில் ஒரு செம்பு இழையைச் சுற்றிவிடுவார்கள், அதோடு அந்தக் காவல் முடிந்தது. ஆனால் பட்டனில் எழுதிய அளவு ஒயருக்குப் பொருந்த வேண்டும். மூன்றாவது பாக்ஸ் எனக்கு உதைத்தது இங்கேதான். பட்டனில் 10 ஆம்பியர், ஒயரில் 0.75 சதுர மில்லிமீட்டர் என்று அச்சு. சுவரில் செருகும் பிளக்கோ மெல்லிய பின் உள்ள சாதாரண 6 ஆம்பியர் பிளக். பெட்டியில் என்ன போட்டிருந்தாலும் அந்தப் பிளக்குக்கும் அது செருகப்படும் சுவர் சாக்கெட்டுக்கும் மேல் அதன் தகுதி போகாது.

ஒயர் நீளத்தைப் பற்றி ஒரு பயம் உண்டு: நீளமானால் வோல்ட்டேஜ் குறையும் என்று. டிவி லோடுக்கு அது வீண் பயம். அந்த ஐந்து மீட்டர் 0.75 ஒயரில் போய்த் திரும்பும் வழி முழுக்க மின்தடை கால் ஓம் அளவுதான். முக்கால் ஆம்பியருக்குக் குறைவது கால் வோல்ட்கூட இல்லை. அதே ஒயரில் அடுப்பை மாட்டினால் 20 வாட் சூடு ஒயருக்குள்ளேயே உருவாகும். நீட்டி விட்டிருந்தால் காற்றில் போய்விடும். ஆனால் மிச்ச ஒயரை யாரும் நீட்டி விடுவதில்லை. சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் திணிப்போம். நடுச்சுருளின் சூட்டுக்கு வழியில்லாமல் மேலுறை இளகும். சுவர் சாக்கெட்டிலிருந்து ஸ்டாண்ட் வரை அளந்து, அதோடு அரை மீட்டர் சேர்த்து வாங்கினால் போதும். மாமா வீட்டில் அளந்தது தொண்ணூறு சென்டிமீட்டர். ஒன்றரை மீட்டர் தாராளம்.

எலக்ட்ரீஷியன் பாக்ஸ் இந்த இடத்தில் ஜெயிக்கிறது. 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் போடலாம், வேண்டிய நீளத்துக்கு வெட்டலாம். சாக்கெட்டும் நம் ஊர் பின்னை இறுக்கிப் பிடிக்கும். எல்லா நாட்டுப் பிளக்கும் நுழைகிற சாக்கெட் வைத்த பாக்ஸில் நம் வட்டப் பின் லொடலொடக்கும், லூஸ் இருக்கும் இடத்தில் பொறி பறந்து கருகும். பிளக்கைச் செருகிவிட்டு லேசாக ஆட்டிப் பாருங்கள், டிவி அணைந்து அணைந்து வந்தால் அந்த பாக்ஸ் வேண்டாம். ஆனால் கையால் கட்டிய பாக்ஸில் திடீரென்று எகிறும் வோல்ட்டேஜைத் தடுக்கும் சர்ஜ் பாதுகாப்பு கிடையாது, கேட்டால் ஒழிய ஃபியூஸும் இருக்காது.

சுவிட்சில் தனித்தனிதான் வசதி. ரவுட்டர் இரவும் ஓட வேண்டும், டிவியையும் செட்டாப் பாக்ஸையும் அணைக்க வேண்டும். ஒரே சுவிட்ச் என்றால் நெட் போகும் என்று யாரும் அணைக்க மாட்டார்கள். இதில் கவனிக்க வேண்டியது வேறு: இந்தச் சுவிட்சுகள் பெரும்பாலும் ஒரு ஒயரைத்தான் துண்டிக்கும். சுவர் சாக்கெட்டில் பேஸும் நியூட்ரலும் மாறிக் கிடந்தால் சுவிட்சை அணைத்தாலும் டிவி வரை பேஸ் நின்றுகொண்டிருக்கும். எர்த் ஓட்டை மேலே இருக்கும்படி பார்த்தால் வலது ஓட்டையில்தான் டெஸ்டர் எரிய வேண்டும். மாமா வீட்டில் இடதில் எரிந்தது. சரி செய்ய எலக்ட்ரீஷியனுக்குப் பத்து நிமிடம் ஆனது.

அப்புறம் அந்த நீல வில்லை. எம்ஓவி என்பார்கள். சாதாரண வோல்ட்டேஜில் சும்மா கிடக்கும். பக்கத்துத் தோப்பு மோட்டார் நிற்கும்போதோ, போன கரண்ட் திரும்பும்போதோ ஒரு நொடியில் மிகச் சின்னப் பங்கு நேரம் எகிறும் அடியைத் தன் வழியாக நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் திருப்பிவிடும். வீட்டில் எர்த் சரியில்லை என்றால் அதில் பாதி வேலை நடக்காது. எர்த்தைப் பார்க்க எலக்ட்ரீஷியனிடம் பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 60 வாட் குண்டு பல்பை மாட்டச் சொல்லுங்கள். நியூட்ரலில் எரிவதுபோல் பளிச்சென்று எரிய வேண்டும். வீட்டில் கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் ஆர்சிசிபி இருந்தால் மாட்டியதும் அது டிரிப் ஆகும், அதுவும் எர்த் இருப்பதற்கு அடையாளம்தான். அடி வாங்க வாங்க எம்ஓவி தேயும். தேய்ந்து போனபின் அந்தப் பெட்டி வெறும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸாக ஓடிக்கொண்டே இருக்கும், நமக்குத் தெரியாது. அதனால் சர்ஜ் பாதுகாப்புக்கென்று தனி விளக்கு இருக்கிறதா, எத்தனை ஜூல் அடியைத் தாங்கும் என்று அட்டையில் எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டாவது பெட்டியில் இரண்டும் இருந்தது. மூன்றாவதில் 'ஸ்பைக்' என்ற சொல் மட்டும் பெரிதாக இருந்தது.

அப்படியென்றால் அன்றைக்கு ஏன் காப்பாற்றவில்லை? பல்பு பளீரென்று எரிந்தது, ஃபேன் வேகமாகச் சுற்றியது, இரண்டும் நியூட்ரல் அறுந்ததற்கு அடையாளம். மூன்று பேஸ் லைனில் நியூட்ரல் போனால் வீடுகள் இரண்டு பேஸுக்கு நடுவே தொடராக மாட்டிக்கொள்ளும். லோடு குறைவாக ஓடும் வீட்டில் 300, 350 வோல்ட் என்று ஏறி அங்கேயே நிற்கும். எம்ஓவி கண்ணிமைக்கும் நேரத்து அடிக்காகப் படைக்கப்பட்டது. நொடிக்கணக்கில் நிற்கும் வோல்ட்டேஜைக் குடித்தால் சூடாகி வெடிக்கும், ஷார்ட் ஆகும், அப்போதுதான் ஃபியூஸ் போகும். அதற்குள் டிவியின் பவர் போர்டு தன் பங்கை வாங்கிவிட்டது.

இதற்கு மூன்று பாக்ஸிலும் மருந்து இல்லை. ஹை கட்-ஆஃப் உள்ள டிவி ஸ்டெபிலைசரோ, வோல்ட்டேஜ் ஏறினால் ரிலே வைத்துத் துண்டிக்கும் பிளக்கோ முன்னால் வேண்டும். லோ வோல்ட்டேஜுக்காக இது தேவையில்லை. மாமா புதிதாக வாங்கிய டிவியின் முதுகில் 100-240 வோல்ட் என்றே எழுதியிருக்கிறது, மோட்டார் ஓடும் நேரத்து 160 வோல்ட்டில் அது பாட்டுக்கு ஓடும். மேலே ஏறுவதற்குத்தான் காவல்.

கடைசியில் இரண்டாவது பெட்டியை வாங்கினோம். சுவரில் ஹை கட்-ஆஃப் ஸ்டெபிலைசர், அதில் ஸ்பைக் கார்டு, அதில் டிவி. எலக்ட்ரீஷியன் பாக்ஸை நான் வேண்டாம் என்றது டிவிக்குத்தான். அயர்ன் பாக்ஸுக்கும் மிக்ஸிக்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயரோடு, உள்ளே 6 ஆம்பியர் ஃபியூஸ் வைத்து, தனியாக ஒன்று கட்டச் சொன்னேன். இண்டக்‌ஷன் அடுப்பு சமையலறையின் 16 ஆம்பியர் பாயின்ட்டுக்கே திரும்பிப் போனது. அத்தைக்கு அதில் வருத்தம்தான்.

ஒரு ஓட்டை இன்னும் பாக்கி. மொட்டை மாடி டிஷ்ஷிலிருந்து வரும் கேபிள் எந்த ஸ்பைக் கார்டையும் தொடாமல் நேரே செட்டாப் பாக்ஸுக்குள் போகிறது, இடி பக்கத்தில் விழுந்தால் அந்த வழியாக வந்து எச்டிஎம்ஐ வரை கொண்டுபோய்விடும். இடிச் சத்தம் தூரத்தில் கேட்கும்போதே பிளக்கையும் அந்தத் திருகு கேபிளையும் சேர்த்துக் கழற்றச் சொல்லியிருக்கிறேன். போன வாரம் போன் செய்தபோது மாமா, "கழட்டிட்டோம் மாப்ளே, மறுபடி மாட்டத்தான் சிக்னல் வரல" என்றார்.