தெப்பத்தின் விளக்குகள் எங்கே போயின? படத்தைச் சுருக்கும் இரண்டு வழிகள்

திருவாரூரில் கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி என்பார்கள். அந்தக் கமலாலயக் குளத்தில் தெப்பம் சுற்றிய ஓர் இரவில், எதிர்க்கரையில் முக்காலியை ஊன்றி ஒரு படம் எடுத்தேன். 6000 பிக்சல் அகலம். பெரிதாக்கிப் பார்த்தால் தெப்பத்தைச் சுற்றிக் கட்டிய சீரியல் பல்புகள் ஒவ்வொன்றும் தனிப் புள்ளியாக எரிந்தன. கைப்பேசியில் அனுப்புவதற்காக 1500 பிக்சலாகச் சுருக்கி, விழா ஏற்பாட்டைக் கவனித்த பெரியவரிடம் காட்டினேன். "ஏன் தம்பி, பாதிப் பல்பு எரியவில்லையா?" என்று கேட்டார். பல்புகள் எல்லாம் எரிந்தன. அவற்றின் ஒளியைத் தின்றது சுருக்கும் கணக்கு.

படக் கோப்பில் 0 முதல் 255 வரை எழுதப்பட்டிருக்கும் எண் ஒளியின் அளவு அன்று. இருட்டில் நுட்பமான வேறுபாடுகளையும் நம் கண் கண்டுகொள்ளும் என்பதால், இருண்ட பகுதிக்கு அதிக எண்களை ஒதுக்கி ஒளியை வளைத்து எழுதுகிறார்கள். இந்த வளைவுதான் காமா. வழக்கமான எஸ்ஆர்ஜிபி படத்தில் 128 என்ற எண் 255-இல் பாதியாகத் தெரிந்தாலும், அது குறிக்கும் ஒளி முழு வெள்ளையின் 22 சதவீதம்கூட இல்லை. உண்மையில் பாதி ஒளிக்கு உரிய எண் 188.

சுருக்குவது என்பது பல பிக்சல்களின் சராசரியை எடுப்பது. அந்தச் சராசரியைக் கோப்பில் உள்ள எண்களிலேயே நேராக எடுத்துவிடலாம். பெரும்பாலான மென்பொருள்கள் செய்வது இதைத்தான், போட்டோஷாப்பின் வழக்கமான 8 பிட் முறையும் இதில் அடக்கம். அல்லது எண்களை முதலில் வளைவு நீக்கி ஒளி அளவாக மாற்றி, சராசரி எடுத்து, மறுபடி வளைத்து எழுதலாம். இதை நேரியல் ஒளியில் சுருக்குவது என்கிறோம்.

தெப்பத்துக்கு வருவோம். 6000-ஐ 1500 ஆக்கும்போது நான்குக்கு நான்கு, பதினாறு பிக்சல்கள் ஒன்றாகின்றன. எளிமைக்காக அதில் ஒரு பிக்சல் பல்பு, அதாவது 255. மீதிப் பதினைந்தும் இருட்டு, அதாவது 0 என்று வைத்துக்கொள்வோம். காமா எண்களில் சராசரி 16. நேரியல் ஒளியில் பதினாறில் ஒரு பங்கு ஒளி. அதைத் திரும்ப எண்ணாக எழுதினால் 71. எண்களில் இது நான்கு மடங்குச் சொச்சம்தான். திரையிலிருந்து வரும் ஒளியில் கணக்கிட்டாலோ பன்னிரண்டு மடங்கு. 16 இரவு வானத்தோடு கரைந்துவிடும். 71 மங்கலாக இருந்தாலும் விளக்காக நிற்கும். தண்ணீரில் அலை நுனிகளில் சிதறிய பிரதிபலிப்புக்கும் இதே கதிதான். நேரியலில் சுருக்கிய படத்தில் தெப்பத்தின் கீழே பொன்னிறப் பாய் விரித்ததுபோல் இருந்த நீர், மற்றதில் வெறும் கறுப்பாகக் கிடந்தது.

ஆனால் எல்லாப் படத்திலும் இப்படி ஆகும் என்று நினைத்துவிடக் கூடாது. வித்தியாசம் தெரிய இரண்டும் சேர்ந்து வேண்டும்: பக்கத்துப் பிக்சல்களுக்கு இடையே பெரிய ஒளி வேறுபாடு இருக்க வேண்டும், அந்த வேறுபாடு, சுருக்கிய படத்தின் ஒரு பிக்சலுக்குள் அடங்கிவிடும் அளவுக்குப் பொடியாகவும் இருக்க வேண்டும். கதிர் முற்றாத சம்பா வயலை உச்சி வெயிலில் எடுத்தால் 120-உம் 136-உம் அடுத்தடுத்து வரும். எந்த வழியில் சராசரி எடுத்தாலும் 128தான். அதே வயலை நடவு முடிந்த கையோடு எடுங்கள். நாற்றுக்கு இடையே தேங்கிய நீரில் வானம் மின்னும். நாற்று 70, நீர் 210 என்றால் காமா சராசரி 140, நேரியல் சராசரி 160. வயல் முழுக்க ஒரு படி இருண்டுவிடுகிறது. இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இது தெரியும். தனியே பார்ப்பவர் மேகம் மூடிய நாள் என்று நினைத்துக்கொள்வார்.

இவ்வளவு சொன்ன பிறகும், நான் காமா எண்களிலேயே சுருக்கும் வேலை ஒன்று இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை, பழைய பத்திரம் போன்ற எழுத்துப் படங்கள். வெள்ளைத் தாளில் மெல்லிய கறுப்புக் கோடு நான்கில் ஒரு பிக்சலை அடைத்தால், காமா சராசரி 191, நேரியல் சராசரி 225. ஒளிக்கணக்குப்படி 225தான் சரி. தூர நின்று பார்த்தால் அந்தத் தாள் அவ்வளவு வெளிறித்தான் தெரியும். ஆனால் படிப்பவருக்கு வேண்டியது எழுத்து. 'ண', 'ன' சுழிகள் வெளிறிப்போனால் சரியான கணக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இங்கே 191-இன் கனம் உதவுகிறது.

நேரியல் வழிக்கு வேறு ஒரு சங்கடமும் உண்டு. விளிம்பைக் கூர்மையாக்கும் லான்சோஸ் போன்ற வடிகட்டிகள் சில பிக்சல்களைக் கூட்டுவதோடு நிற்காமல் சிலவற்றைக் கழிக்கவும் செய்யும். நேரியல் ஒளியில் பல்புக்கும் வானத்துக்கும் இடையே உள்ள தாவல் மிகப் பெரியது. ஆகவே கழிக்கும்போது வானம் பூஜ்யத்துக்குக் கீழே போய், பல்பைச் சுற்றி மை இட்டதுபோல் கருவளையம் விழும். இரவுப் படத்தில் கூர்மை குறைந்த மிட்செல் வடிகட்டியை எடுத்தால் இது வெகுவாகக் குறைகிறது. படத்தைப் பெரிதாக்கும்போது இந்தக் கருவளையம் இன்னும் துருத்திக்கொண்டு தெரியும் என்பதால், பெரிதாக்க நான் நேரியலைத் தொடுவதில்லை.

கட்டளை வரியில் இயங்கும் இமேஜ்மேஜிக் மென்பொருளில் நேரியல் வழி ஒரே வரிதான்:

```
magick theppam.png -colorspace RGB -filter Mitchell -resize 1500x -colorspace sRGB small.png
```

இதில் `RGB` என்பது வளைவு நீக்கிய ஒளி அளவு, `sRGB` வழக்கமான எண். இடைக்கணக்கு 16 பிட்டிலாவது நடக்க வேண்டும். 8 பிட் நேரியலாகச் சேமித்துவிட்டுப் பிறகு சுருக்கினால், பழைய எண்களில் 0-க்கும் 13-க்கும் நடுவே இருந்த நிழல் படிகள் எல்லாம் இந்த இரண்டில் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும்; இரவு வானம் பட்டை பட்டையாகப் பிரியும்.

உங்கள் மென்பொருள் எந்த வழியில் போகிறது என்று அறிய, ஒரு பிக்சல் கறுப்பு, ஒரு பிக்சல் வெள்ளை என்று சதுரங்கக் கட்டம்போல் நிரப்பிய படத்தைச் சரிபாதியாகச் சுருக்குங்கள். நிறமெடுக்கும் கருவியால் தொட்டுப் பாருங்கள். 128-ஐ ஒட்டி வந்தால் காமா, 188-ஐ ஒட்டி வந்தால் நேரியல். கண்ணால் ஒப்பிடுவதானால், இரண்டு படங்களையும் கட்டாயம் 100 சதவீத அளவிலேயே திறக்க வேண்டும். படம் காட்டும் மென்பொருளும் திரைக்கு ஏற்பத் தானே சுருக்கிக் காட்டும். அது பெரும்பாலும் காமா எண்களில்தான் நடக்கும். அன்று நான் மூலப்படத்தைத் திரை அகலத்துக்கு அடக்கிப் பார்த்துவிட்டு, அதிலும் பல்புகள் மங்கலாகவே இருப்பதாக எண்ணி, கேமராவின் மேல் பழி போட்டு ஒரு வாரம் கழித்தேன். 100 சதவீதத்தில் திறந்தபோது பல்புகள் எல்லாம் அங்கேயே எரிந்துகொண்டிருந்தன. மறுபடி சுருக்கி அனுப்பினேன். பெரியவர் கைப்பேசியை முகத்தருகே பிடித்து, தெப்பத்தின் மேல்வரிசைப் பல்புகளை விரல் வைத்து எண்ணத் தொடங்கினார்.