இலவச லோகோவுக்கு நான் கொடுத்த 1,198 ரூபாய்

வீட்டிலிருந்து கேக் செய்து விற்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு, முதலில் உங்கள் யுபிஐ ஆப்பைத் திறந்து ஆட்டோபே பட்டியலைப் பாருங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

நான் சென்னை கொளத்தூரில் இருக்கிறேன். மூன்று வருடமாக வீட்டில்தான் பேக்கிங். போன நவம்பரில், கிறிஸ்துமஸ் ஆர்டர் வருவதற்குள் ஒரு லோகோவும் நாலு போஸ்டரும் தயார் செய்துவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். டிசைனரிடம் கேட்டால் மூவாயிரம் ஆகும் என்றார். பிளம் கேக்குக்கு முந்திரியும் திராட்சையும் வாங்கியதிலேயே கை காலி. இன்ஸ்டாகிராமில் கண்ணில் பட்ட விளம்பரம் ஒன்று, 'ஐந்து நிமிடத்தில் இலவச லோகோ' என்றது. பெயரைச் சொல்லப் போவதில்லை. இதே மாதிரி பத்து ஆப் இருக்கிறது, பெயரை மாற்றிக்கொண்டு மறுபடி வருகிறார்கள்.

கடைப் பெயரைப் போட்டேன், கேக் என்று வகையைத் தேர்ந்தெடுத்தேன், பிங்க் நிறம் கேட்டேன். ஒரு விஸ்க், அதைச் சுற்றி இலை வளையம், கீழே என் பெயர். அழகாகத்தான் இருந்தது. ஒரு மணி நேரம் எழுத்தை மாற்றி, இலையை மாற்றி விளையாடினேன். கடைசியில் டவுன்லோடு பட்டனைத் தொட்டபோதுதான் புதிதாக ஒரு பக்கம் வந்தது: வாட்டர்மார்க் இல்லாமல் வேண்டுமானால் மூன்று நாள் டிரையல், 2 ரூபாய். ஒரு மணி நேரம் உழைத்த பிறகு 2 ரூபாய்க்கு யார் யோசிப்பார்கள்? அந்தப் பக்கத்தை அந்த இடத்தில் வைத்திருப்பதே அதற்காகத்தான்.

யுபிஐ ஆப் திறந்தது, பின் போட்டேன், முடிந்தது. நான் பார்க்காமல் விட்டது என்னவென்றால், அது சாதாரணமாகப் பணம் அனுப்பும் திரை இல்லை. ஆட்டோபே ஒப்புதல் திரை. மேலே பெரிதாக 2 ரூபாய். கீழே சின்ன எழுத்தில் வாரத்துக்கு ஒருமுறை, 299 ரூபாய் வரை என்று இருந்திருக்கிறது. ஒருமுறை பின் போட்டு இப்படி ஒப்புதல் கொடுத்துவிட்டால், அடுத்தடுத்த வாரங்களில் பின் கேட்கவே மாட்டார்கள். 15,000 ரூபாய்க்குள் இருக்கும் ஆட்டோபேவுக்கு ஒவ்வொரு முறையும் பின் தேவையில்லை என்பதுதான் விதி. கரண்ட் பில், இன்சூரன்ஸ் மாதிரி விஷயங்களுக்கு அது வசதி. இவர்களுக்கும் அதே வசதி.

டிரையல் முடியும் முன் நிறுத்திவிட வேண்டும் என்ற புத்தி எனக்கும் இருந்தது. இரண்டாம் நாளே ஆப்பை போனிலிருந்து நீக்கிவிட்டேன். அதோடு கதை முடிந்தது என்று நினைத்தது என் முட்டாள்தனம். ஆப்பை நீக்கினால் ஆப்தான் போகும், நீங்கள் வங்கிக்குக் கொடுத்த ஒப்புதல் அப்படியே இருக்கும். பணம் எடுப்பதற்கு ஒரு நாள் முன்பே எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டும், அதை அனுப்பியும் இருக்கிறார்கள். லோன் வேண்டுமா, பிளாட் வேண்டுமா என்கிற நூறு மெசேஜுக்கு நடுவில் அது கிடந்தது. அதிலும் லோகோ ஆப்பின் பெயர் இல்லை, நான் கேள்விப்படாத ஏதோ ஒரு கம்பெனியின் பெயர். டிசம்பர் எட்டாம் தேதி வெண்ணெய்க் கணக்குப் பார்க்க ஸ்டேட்மென்ட் எடுத்தபோதுதான் தெரிந்தது. நான்கு முறை 299. அந்த 2 ரூபாயையும் சேர்த்தால் 1,198.

நிறுத்துவது சுலபம், தெரிந்திருந்தால். எந்த யுபிஐ ஆப்பில் ஒப்புதல் கொடுத்தீர்களோ அதே ஆப்பில் உங்கள் புரொஃபைல் பக்கத்துக்குப் போனால் ஆட்டோபே அல்லது மேண்டேட் என்று ஒன்று இருக்கும். உயிரோடு இருக்கிற ஒப்புதல் எல்லாம் அங்கே வரிசையாக நிற்கும். தேவையில்லாததைத் தொட்டு ரத்து செய்து பின் போட்டால் முடிந்தது. அந்த லோகோ ஆப்பின் அனுமதி இதற்குத் தேவையில்லை. நான் என்னுடையதை ரத்து செய்த கையோடு மாமியாரின் போனையும் வாங்கிப் பார்த்தேன். ஜாதக ஆப் ஒன்று மாதம் 99 ரூபாய் எடுத்துக்கொண்டிருந்தது. அவருக்கு நல்ல நேரமே வராததற்குக் காரணம் இப்போது புரிகிறது.

வங்கிக் கிளைக்கும் போனேன். "பின் நீங்கதானே போட்டீங்க மேடம், இது ஃபிராடுல வராது" என்று அனுப்பிவிட்டார்கள். அவர்கள் சொல்வதும் ஒருவிதத்தில் சரி, யாரும் என் கணக்கைத் திருடவில்லை. ஆனால் இது நுகர்வோர் புகாரில் வரும். சேருவதைச் சுலபமாக வைத்து வெளியே போவதைக் கஷ்டமாக்குவதும், விலையைக் கடைசிப் பக்கம் வரை மறைப்பதும், மத்திய அரசு 2023 நவம்பரில் வெளியிட்ட டார்க் பேட்டர்ன் என்கிற ஏமாற்று வடிவமைப்புகளுக்கான விதிமுறைகளில் பெயர் சொல்லித் தடுக்கப்பட்டிருக்கின்றன. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கூப்பிட்டு, நான்கு பரிவர்த்தனை எண்களையும் கொடுத்துப் பதிவு செய்தேன். மூன்று வாரம் கழித்து, கடைசியாக எடுத்த ஒரு 299 மட்டும் திரும்பி வந்தது. மற்ற மூன்றும் 'பயன்படுத்திய காலத்துக்கான கட்டணமாம்'.

சரி, பணம் போகட்டும், லோகோவாவது கிடைத்ததா என்றால் அங்கேதான் அடுத்த அடி.

கேக் பாக்ஸ் மேல் ஒட்ட மூன்று அங்குல வட்ட ஸ்டிக்கர் அடிக்க, பாரிமுனையில் ஆண்டர்சன் தெருப் பக்கம் ஒரு பிரஸ்ஸுக்குப் போனேன். அங்கிருந்த தம்பி ஃபைலைத் திறந்ததுமே கேட்டார்: "மேடம், ஓப்பன் ஃபைல் இல்லையா? கோரலோ பிடிஎஃப்போ எதுவா இருந்தாலும் சரி. இது வெறும் படம்." நானும் விடாமல் அங்கேயே நின்று, போனில் அந்தப் படத்தை பிடிஎஃப்பாக மாற்றிக் கொடுத்தேன். அவர் சிரிக்காமல் அதை எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டினார். இலையின் ஓரமெல்லாம் படிக்கட்டு படிக்கட்டாக இருந்தது. பிடிஎஃப் என்ற பெயர் வந்துவிட்டதால் உள்ளே இருப்பது மாறிவிடாது என்று அன்றுதான் புரிந்தது.

அந்த ஆப் கொடுத்தது 500-க்கு 500 பிக்சல் படம். இன்ஸ்டாகிராம் புரொஃபைல் வட்டத்துக்கு அது தாராளம், போனில் பளிச்சென்றுதான் தெரியும். அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சலாவது வேண்டும் என்பது பிரஸ்காரர்களின் கணக்கு. மூன்று அங்குல ஸ்டிக்கருக்கு 900. என்னிடம் இருந்த 500 ஒன்றரை அங்குலத்தைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். பெரிய படம் சமாளித்துவிடும், சின்ன எழுத்துதான் காட்டிக்கொடுக்கும்: என் லோகோவின் அடியில் 'முட்டை சேர்க்காதது' என்று ஒரு வரி இருந்தது, சாம்பிள் அடித்ததில் அது எறும்பு ஊர்ந்த மாதிரி வந்தது. பெரிதாக்கினாலும் உடையாத வெக்டர் ஃபைல் வேண்டுமா? அதே ஆப்பில் தனி பிளான், 2,499 ரூபாய். டிசைனர் கேட்ட மூவாயிரத்துக்கு எவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டேன் பாருங்கள்.

மூன்றாவது அடியை நானாகக் கண்டுபிடிக்கவில்லை. ஜனவரியில் ஒரு பழைய வாடிக்கையாளர் போன் செய்தார். "ஏம்மா, தாம்பரத்துல ஒரு வளைகாப்புக்கு உன் கேக்தானே வந்துச்சு? கிரீம் ஒரே டால்டா வாசனை." நான் தாம்பரத்துக்கு கேக் அனுப்பியதே இல்லை. போட்டோ அனுப்பச் சொன்னேன். பாக்ஸில் அதே விஸ்க், அதே இலை வளையம், வேறு பெயர். அந்தப் பெண் மீது கோபப்பட்டுப் பயனில்லை, அவரும் என்னைப் போல ஒரு மணி நேரம் உட்கார்ந்து அதே டெம்ப்ளேட்டைத் தேர்ந்தெடுத்திருப்பார். இந்த மாதிரி ரெடிமேட் படங்களைப் பயன்படுத்த எல்லோருக்கும் அனுமதி உண்டு, யாருக்கும் தனி உரிமை கிடையாது. கேன்வா மாதிரி நல்ல பெயருள்ள இடங்களிலும் டெம்ப்ளேட் லோகோவுக்கு இதே நிலைதான், அவர்கள் அதை விதிமுறையில் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறார்கள். பின்னால் டிரேட்மார்க் வாங்கும் எண்ணம் இருந்தால், ஊருக்கெல்லாம் கிடைக்கும் விஸ்க் படத்தை என்னுடையது என்று கேட்க முடியாது.

போஸ்டருக்கு இவ்வளவு கவலை வேண்டாம், ஒரு வாரம் ஓடிவிட்டு மறைந்துவிடும். கேன்வாவின் இலவசப் பகுதியிலேயே, கிரீடக் குறி இல்லாத படங்களாக எடுத்துச் செய்கிறேன். ஒன்றே ஒன்று, டெம்ப்ளேட்டோடு வரும் கேக் போட்டோவை அப்படியே விடாதீர்கள், நீக்கிவிட்டு உங்கள் கேக்கைப் போடுங்கள். நான் ஒருமுறை சோம்பலில் அப்படியே விட்டேன். "போஸ்டர்ல இருக்கிற மூணு அடுக்கு கேக் ஒண்ணு" என்று ஆர்டர் வந்துவிட்டது.

லோகோவைக் கடைசியில் அக்கா மகனை உட்காரவைத்து இங்க்ஸ்கேப்பில் செய்தோம். கம்ப்யூட்டரில் போடுகிற மென்பொருள், முழுக்க இலவசம், எந்தப் பக்கத்திலும் பணம் கேட்காது. படம் எதுவும் வேண்டாம், பெயர் மட்டும் போதும் என்று முடிவு செய்து, கூகுள் ஃபான்ட்ஸிலிருந்து பலூ தம்பி 2 என்கிற தமிழ் எழுத்துருவை இறக்கினோம். வியாபாரத்துக்கும் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தோடு வரும் எழுத்து. குண்டு குண்டாக, கேக்குக்குப் பொருத்தமாக இருக்கிறது. இரண்டு எழுத்தை வளைத்து, ஒரு புள்ளியை செர்ரி மாதிரி ஆக்கினோம். இப்போது அது என்னுடையது மாதிரி இருக்கிறது.

இதில் ஒரு இடத்தில் மறுபடி சறுக்கினோம், நீங்கள் சறுக்க வேண்டாம். ஃபைலை அப்படியே பிரஸ்ஸில் கொடுத்தால் அவர்களுடைய பழைய கோரல் மென்பொருள் யூனிகோட் தமிழைப் புரிந்துகொள்ளாது. என் பெயரில் 'கேக்' இருக்கிறது, அதில் இரட்டைக்கொம்பு தனியாகப் போய் ஒரு வட்டத்தின் பக்கத்தில் நின்றது. கொடுப்பதற்கு முன் எழுத்தைத் தேர்ந்தெடுத்து, இங்க்ஸ்கேப்பில் Path மெனுவில் Object to Path என்பதைக் கொடுத்துவிட வேண்டும். எழுத்து வெறும் கோடாக மாறிவிடும், எந்தக் கம்ப்யூட்டரிலும் கலையாது. ஆனால் அதன் பிறகு எழுத்துப்பிழையைத் திருத்த முடியாது என்பதால், மாற்றாத பிரதி ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பிரஸ்ஸுக்கு பிடிஎஃப், இன்ஸ்டாகிராமுக்கு 2,000 பிக்சலில் ஒரு படம், இரண்டும் அதே ஃபைலிலிருந்து எடுத்ததுதான். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது போட்டோவாக இல்லாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள், இல்லாவிட்டால் அது சுருக்கிவிடும்.

12-க்கு 18 அங்குல ஷீட்டில் பதினைந்து ஸ்டிக்கர் வந்தது. அந்தத் தம்பி இந்த முறையும் எட்டு மடங்கு பெரிதாக்கிப் பார்த்தார். "இது ஓகே மேடம்" என்றார். முட்டை சேர்க்காதது என்ற வரியைக் கண்ணாடி போடாமலே என் மாமியார் படித்துவிட்டார்.